படர்தாமரை: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, மருந்தை எப்போது நிறுத்துவது?

தோல் நோய்ப் பிரிவில் உட்கார்ந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களில் பெரும்பங்கு படர்தாமரைக்காரர்கள்தான். முக்கால்வாசிப் பேர் கையில் பாதி பிதுக்கிய ஒரு ட்யூபோடு வருவார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளையே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ரிங்வார்ம் என்கிறார்களே, உள்ளே புழு இருக்கிறதா டாக்டர்?

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. இது பூஞ்சை. நம் தோலின் மேல்படலம், முடி, நகம் எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தக் கெரட்டினைத் தின்று வாழ்கிற பூஞ்சை இது. ஓரிடத்தில் விழுந்து நாலாபக்கமும் மேய்ந்துகொண்டே போவதால் வட்டமாகத் தெரிகிறது. விளிம்பு தடித்துச் சிவந்து செதிலோடு இருக்கும், நடுப்பகுதி ஆறினமாதிரி இருக்கும். அந்த விளிம்பில்தான் பூஞ்சை உயிர்ப்போடு இருக்கிறது. மருந்து பூசும்போது இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

வெயில் காலத்தில் தேவலை. மழை, புழுக்கம் வந்தாலே திரும்ப வந்துவிடுகிறது. ஏன்?

வியர்வை சுரப்பதைவிட அது காயாமல் நிற்பதுதான் சிக்கல். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் தோலில் உள்ள வியர்வைக்குப் போக இடமில்லை. தொடை இடுக்கு, அக்குள், இடுப்பில் நாடா இறுக்கும் இடம், மார்பகத்துக்கு அடியில் என்று தோலோடு தோல் ஒட்டுகிற இடமெல்லாம் நாள் முழுக்க நசநசவென்றே இருக்கும். அப்படி ஊறிய மேல்தோல் உப்பி, மெத்தென்றாகி, நடக்கும்போது உரசிச் சிராய்க்கும். பூஞ்சையின் வித்து ஒட்டி முளைக்க அதைவிட நல்ல நிலம் கிடையாது. அதோடு மழைக்காலத்தில் துணியும் காய்வதில்லை. கொடியில் 2 நாள் கிடந்தும் ஜட்டியின் எலாஸ்டிக் பட்டையைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். சரி, வேறு வழியில்லை என்று அதையே மாட்டிக்கொண்டு போகிறோம்.

ஆனால் எல்லாப் பழியையும் மழைமேல் போடவும் முடியாது. ‘திரும்ப வந்துவிட்டது’ என்று வருகிறவர்களை உட்காரவைத்துக் கேட்டால், பலருக்கு அது போகவே இல்லை என்பது தெரியவரும். மாசியில் 10 நாள் மருந்து பூசியிருப்பார்கள். அரிப்பு நின்றிருக்கும். அதன்பின் வந்த காய்ந்த வெயிலில் மிச்சமிருந்த பூஞ்சை அடங்கிக் கிடந்திருக்கும். ஈரம் வந்ததும் தலைதூக்கியிருக்கும், அவ்வளவுதான். அதே தொடையில், அதே ஓரத்தில், அதே வடிவத்தில் திரும்ப வந்தால் அது பழைய ஆள்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன். இதுவரை ஒன்றுமே இல்லாத இடத்தில் புதிதாக வந்தால், வீட்டில் வேறு யாரிடமிருந்து வந்தது என்று தேடுவேன்.

களிம்பு போட்ட 4 நாளில் அரிப்பு நின்றுவிட்டது. இன்னும் எத்தனை நாள் போடணும்?

அரிப்பு பூஞ்சையின் வேலை இல்லை. பூஞ்சையைக் கண்டு நம் உடம்பு காட்டுகிற கோபம். பூஞ்சையின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலே அந்தக் கோபம் தணிந்துவிடும். ஆகவே அரிப்பை வைத்து நாள் கணக்குப் போடக் கூடாது.

மேல்தோலின் அடியில் பிறக்கிற ஒரு செல் மேலே ஏறி வந்து செதிலாக உதிர ஏறக்குறைய 4 வாரம் ஆகும். குளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் போன்ற களிம்புகள் பூஞ்சையைப் பெருகவிடாமல் பிடித்துவைக்கின்றன. ஏற்கெனவே பூஞ்சை பிடித்த படலம் உதிர்ந்து, அடியிலிருந்து சுத்தமான படலம் மேலே வந்தால்தான் வேலை முடிந்தது. தோல் தன் வேகத்தில்தான் உதிரும், அதை நாம் விரட்ட முடியாது.

அதனால் நான் சொல்கிற கணக்கு இதுதான். புதிதாக வந்த, சின்னதாக ஒன்றிரண்டு வட்டம் என்றால் களிம்பு மட்டும் 2 முதல் 4 வாரம். பல இடத்தில் இருந்தால், மாதக்கணக்காக வந்து வந்து போயிருந்தால், மாத்திரையும் சேர்த்து 4 முதல் 6 வாரம். சிலருக்கு 8 வாரமும் தாண்டும். எப்படியானாலும் தோல் முழுக்கத் தெளிந்த நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இன்னும் 2 வாரம் பூச வேண்டும். கடைசிக் கணக்கு ஆரம்பித்த நாளிலிருந்து இல்லை, தெளிந்த நாளிலிருந்து.

தெளிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? எனக்குக் கறுப்பு இன்னும் போகவில்லையே.

கறுப்பைப் பார்க்காதீர்கள். நம் நிறத் தோலில் எந்தப் புண் ஆறினாலும் கருமை தங்கும். தொடை இடுக்கில் அது மங்க மாதக்கணக்காகும். கருமை போகும்வரை மருந்து போடுவதும் வீண். கருமை போக வேண்டுமென்று வெளுப்புக் களிம்பு வாங்குவது ஆபத்து, அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும்.

விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு எங்காவது மேடாகத் தட்டுப்படுகிறதா? தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால் வெள்ளைப் பொடி, செதில் தெரிகிறதா? இரவில் அரிப்பு இருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் தெளிந்தது, கறுப்பாக இருந்தாலும். பின்புறமும் இடுப்பும் நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியோ, வீட்டில் ஒருவரின் உதவியோ தேவைப்படும். அங்கே மிச்சமிருக்கும் ஓரம்தான் பெரும்பாலும் அடுத்த ரவுண்டுக்கு விதை.

மருந்துக் கடையில் கொடுத்த ட்யூப் 2 நாளில் அடக்கிவிடுகிறது. விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. இது என்ன கூத்து?

அந்த ட்யூபில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

ஸ்டீராய்டு, முன்னே சொன்ன உடம்பின் கோபத்தை அமுக்கிவிடும். சிவப்பு போகும், அரிப்பு போகும். கேட்க ஆளில்லாமல் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். விட்டதும் உடம்பு விழித்துக்கொண்டு ஒரேயடியாகச் சிவக்கும். உடனே திரும்ப அதே ட்யூப். இப்படி ஆறேழு மாதம் ஓட்டியவர்களுக்கு வட்டம் வட்டமாகவே இருக்காது. வட்டத்துக்குள் வட்டம், உடைந்த வளையம், முகத்தில் திட்டு என்று அடையாளமே மாறிவிடும். தொடையின் உட்புறம் பிரசவத் தழும்புபோல வரி வரியாகத் தோல் விரிந்துபோகும். 22 வயதுப் பையனுக்கு அந்த வரி வந்தால் ஆயுளுக்கும் போகாது.

ட்யூபின் அட்டையில் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்று எது இருந்தாலும் ஸ்டீராய்டுதான். குளோபீட்டசாலும் குளோட்ரிமசோலும் ஒன்றுபோலக் காதில் விழும். முன்னது ஸ்டீராய்டு, பின்னது பூஞ்சை மருந்து. கடையில் வாயால் சொல்லி வாங்குகிற பழக்கத்தில் இது மாறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ட்யூபில் 4 மருந்து போட்டிருந்தால் அதில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். 2018-லேயே இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. நடைமுறை உங்களுக்கே தெரியும்.

இப்படி மாட்டிக்கொண்டவர் எப்படி வெளியே வருவது? எத்தனை நாள் ஆகும்?

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். சென்னையில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்பவர், வயது 27. நாளுக்கு 10, 12 மணி நேரம் ஜீன்ஸோடு ரெக்ஸின் சீட்டில். 5 மாதமாக 4 மருந்து கலந்த ட்யூப். வரும்போது இரண்டு தொடை இடுக்கு, பின்புறம், இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை என்று பரவியிருந்தது. விளிம்பிலிருந்து செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டுவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். கண்ணாடி இழைபோல பூஞ்சை நூல்கள் தெரிந்தன. சிக்கனமான, சில நிமிடங்களில் முடிகிற சோதனை இது.

ட்யூபை அன்றே நிறுத்தினோம். இட்ராகோனசோல் நாளுக்கு 200 மி.கி., ஸ்டீராய்டு இல்லாத களிம்பு நாளுக்கு ஒரு தடவை, ராத்திரி அரிப்புக்கு ஒரு மாத்திரை. ‘முதல் வாரம் இன்னும் சிவக்கும், எரியும். பயந்து பழைய ட்யூபைத் தொடாதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினேன். நாலாம் நாள் சொன்னபடியே எரிச்சலோடு போன் செய்தார். பத்தாம் நாள் அரிப்பு அநேகமாக நின்றது. 3 வாரத்தில் தொடை தணிந்தது. ஆனால் இடுப்புப் பட்டை அசையவில்லை.

அப்போதுதான் இரண்டு விஷயம் வெளிவந்தது. முதலாவது, வெறும் வயிற்றில் தினமும் ஒரு ‘கேஸ் மாத்திரை’ போட்டுக்கொண்டிருந்தார். இட்ராகோனசோல் கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பாண்டோபிரசோல் அமிலத்தை அடக்கிவிட்டால் கேப்சூலில் பாதி வீணாகிவிடும். அதை நிறுத்தி, மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்கச் சொன்னேன். இரண்டாவது, இடுப்பில் அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு, சின்ன வயதிலிருந்து அவிழ்த்ததே இல்லையாம், வியர்வையில் ஊறி இறுகிப்போயிருந்தது. அதில் தங்கிய வித்து தினமும் அதே வட்டத்தில் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ‘அம்மா திட்டுவாங்க சார்’ என்று தயங்கினார். சிகிச்சை முடியும்வரை கழற்றிவிட்டு, பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமானது. வெள்ளி அரைஞாணாக இருந்தால் கழற்றிக் கழுவி வைத்துக்கொள்ளலாம். நூல் கயிற்றை எறிவதுதான் நல்லது. கையில் கட்டும் கயிறு, தாயத்துக் கயிற்றுக்கும் இதே கதைதான்.

ஐந்தரை வாரத்தில் தடவினால் மேடு இல்லை, செதில் இல்லை. அன்றிலிருந்து 2 வாரம். ஆக ஏழரை வாரம். முடித்து ஒரு மாதம் கழித்து ஒரு முறை வரச்சொல்லிப் பார்த்தேன், கருமை மட்டும் இருந்தது.

ஒரு ட்யூப் எத்தனை நாள் வரணும்? எனக்கு ஒரு ட்யூப் ஒரு மாதம் வருகிறதே.

அப்படியானால் போதுமான அளவு பூசவில்லை. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல் சேர்ந்த உங்கள் உள்ளங்கையைப் போல 2 மடங்கு இடத்துக்குப் போதும். டெலிவரிக்காரருக்கு இருந்தது 6 உள்ளங்கை அளவு. ஒரு தடவைக்கு 3 விரல், அதாவது ஒன்றரை கிராம். ஒரு நாளைக்கு ஒரு தடவை, 4 வாரத்துக்கு 42 கிராம். 15 கிராம் ட்யூப் என்றால் கிட்டத்தட்ட 3. குளோட்ரிமசோல்போல 2 வேளை பூச வேண்டிய களிம்பென்றால் இதில் இரண்டு மடங்கு. இவ்வளவு செலவா என்று தோன்றும். 5 மாதம் வாங்கிய ட்யூப்களின் விலையைக் கூட்டிப் பார்த்தவர்கள் அதற்குமேல் பேசுவதில்லை.

சிவந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்காதீர்கள். விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. நல்ல தோலிலும் பூச வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் அங்கே மேய ஆரம்பித்திருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசுங்கள். குளித்து, துடைத்து, ஃபேன் காற்றில் 5 நிமிடம் காய்ந்த பிறகு. ஈரத் தோலில் பூசிவிட்டு உடனே ஜீன்ஸ் போட்டால் மருந்து துணிக்குத்தான் போகும்.

முன்பெல்லாம் டெர்பினாஃபின் மாத்திரை 2 வாரத்தில் கேட்டது. இப்போது ஏன் கேட்பதில்லை?

பூஞ்சையே மாறிவிட்டது. இப்போது நம் ஊரில் பரவலாக இருப்பது ட்ரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற இனம். 2020-ல்தான் இதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபின் எந்த நொதியைப் பிடித்து அடக்குகிறதோ, அந்த நொதியின் மரபணுவிலேயே இந்த இனத்தில் பலவற்றுக்கு மாற்றம் ஏற்பட்டுள்ளது. மாத்திரை போய் மாட்ட வேண்டிய பூட்டு மாறிப்போயிருக்கிறது. அளவைக் கூட்டியும் பலருக்குப் பலன் குறைவு. அதனால்தான் இட்ராகோனசோலுக்கு வருகிறோம்.

பக்கத்துவீட்டுக்காரருக்குக் கேட்டது என்று அதை நீங்களே வாங்க வேண்டாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் கூடாது. கல்லீரல் பாதிப்பு இருந்தால் ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும். சிம்வாஸ்டாட்டின்போல சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், அந்தக் கேஸ் மாத்திரை உட்பட, டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, கால் வீக்கம், மூச்சிரைப்பு எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போங்கள்.

கர்ப்பிணிகள் மாத்திரை எடுக்கக் கூடாது. குளோட்ரிமசோல் களிம்பு போடலாம், அதையும் கேட்டுக்கொண்டு.

துணியை எப்படித் துவைக்க வேண்டும்? டெட்டால் ஊற்றினால் போதுமா?

டெட்டாலைவிட வெந்நீர் மேல். 60 டிகிரி, அதாவது கை வைக்க முடியாத சூடு. உள்ளாடை, துண்டு, லுங்கி, நைட்டி, போர்வை எல்லாம் தனி வாளியில். வீட்டார் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? இஸ்திரிப் பெட்டி இருக்கிறதே. எலாஸ்டிக் பட்டை, தையல் மடிப்பு, பாவாடை நாடா ஓடும் குழாய் என்று தடித்த இடங்களில் அழுத்தித் தேயுங்கள். ஈரம் தங்குவதும் அங்கேதான்.

துணி விஷயத்தில் ஒரு பழக்கம் மாற வேண்டும்: ஜட்டியை ‘நேற்றுப் போட்டது சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்று திரும்ப மாட்டுவது. ஜீன்ஸுக்கும் அதேதான், 10 நாள் துவைக்காத ஜீன்ஸ் 10 நாள் வியர்வை.

கால் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணோ நகச்சொத்தையோ இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளாடையைக் காலில் நுழைத்து மேலே இழுக்கும்போது அந்தப் பூஞ்சை நேராகத் தொடை இடுக்குக்குப் பயணம் செய்யும். முதலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு அப்புறம் உள்ளாடை போடச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள், ஆனால் பலன் இருக்கிறது.

எனக்குத்தானே இருக்கிறது, வீட்டில் எல்லாரையும் எதற்குப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

டெலிவரிக்காரரின் மனைவிக்கு மார்பகத்துக்கு அடியில் 2 வட்டம் இருந்தது. வெட்கத்தில் சொல்லவில்லை. அவரை விட்டுவிட்டு இவருக்கு மட்டும் வைத்தியம் செய்திருந்தால் ஏழரை வாரமும் தண்ணீரில் போட்ட கோலம். யாருக்கு இருக்கிறதோ அவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஒன்றும் இல்லாதவர்களுக்கு மருந்து தேவையில்லை, துண்டும் சோப்பும் பீர்க்கங்காய் நாரும் தனியாக இருந்தால் போதும். குழந்தையின் முகத்தில், கையில் திடீரென்று வந்தால் வீட்டுப் பூனைக்குட்டியையும் பாருங்கள், அதன் ரோமம் திட்டாக உதிர்ந்திருக்கலாம்.

வண்டுகொல்லி இலை அரைத்துப் போடலாமா? பூண்டு, சுண்ணாம்பு?

வண்டுகொல்லி என்கிற சீமை அகத்திக்குப் பூஞ்சையை எதிர்க்கும் குணம் உண்டு, பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. விரல் நுனி அளவு ஒரு வட்டத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்றால் சண்டை போடமாட்டேன். இடுப்பைச் சுற்றி வந்த பிறகு இலையை நம்பி மாதம் கடத்த வேண்டாம். பூண்டும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்: தொடை இடுக்கில் வெந்து கொப்புளித்து வந்தவர்கள் உண்டு. புண்ணை நாரால் தேய்த்து ‘கழுவி எடுப்பதும்’ பரவத்தான் உதவும்.

வட்டமாக இருந்தாலே படர்தாமரைதானா?

இல்லை. சொரியாசிஸ், சில வகைக் கரப்பான் எல்லாம் வட்டமாக வரும். தேமலும் பூஞ்சைதான், ஆனால் வேறு இனம், வேறு வைத்தியம். முக்கியமாக ஒன்று: திட்டு வெளுத்தோ சிவந்தோ இருக்கிறது, அரிப்பே இல்லை, பஞ்சைத் திரித்துத் தொட்டால் அங்கே மட்டும் தெரியவில்லை என்றால் களிம்பு பூசிக்கொண்டிருக்காதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம், மருந்து இலவசம், குணமாகும்.

பையன் தலையில் முடி கொட்டி வட்டமாக இருக்கிறது. இதே களிம்பு போடலாமா?

வழுவழுவென்று செதிலே இல்லாமல் இருந்தால் அது புழுவெட்டு, பூஞ்சை இல்லை. செதிலும், ஒட்ட முறிந்த முடிக்கட்டையும் இருந்தால் தலைப் படர்தாமரை. பூஞ்சை முடிவேருக்குள் இருப்பதால் களிம்பு எட்டாது. மாத்திரை அல்லது சிரப்தான், க்ரிசியோஃபுல்வின் என்றால் 6 முதல் 8 வாரம், எண்ணெய் அல்லது கொழுப்புள்ள சாப்பாட்டோடு. நகத்துக்கும் இப்படித்தான், கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் மாத்திரை. மாத்திரை முடிந்த பிறகும் சொத்தை நகம் முழுக்க வளர்ந்து வெளியேற ஒரு வருஷம் ஆகும், அதுவரை நகம் அசிங்கமாகத்தான் இருக்கும்.